ஒரு பிளவுஸ் வித்தியாசம்

போன வாரம் கூலியோடு நிறுத்தியிருந்தோம். முதல் வருவது அதற்குப் பின்னால்தான். அதைச் சொல்ல ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, கணக்கும் வசதிக்காகப் போட்டது.

டவுன் கடையில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். லைனிங் இல்லாத பிளவுஸுக்குக் கடைக்காரர் வாங்குவது 100 ரூபாய், டெய்லருக்குத் தருவது 50. மெஷின், நூல், கரண்ட் எல்லாம் கடையுடையவை. நாளைக்கு 6 பிளவுஸ் தைத்தால் 300 ரூபாய். பாதிப் பணம் கடைக்காரரிடமே போய்விடுகிறதே என்ற மனக்குறையோடு, சொந்த ஊருக்குத் திரும்பி 6,000 ரூபாய்க்கு ஒரு பழைய கால்மெஷின் வாங்குகிறார். பணம் மூன்று வட்டிக்கு வாங்கியது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்.

இந்த 6,000 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்டால், சிங்கர் மெஷின் பிறந்த ஊரிலேயே அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. 1850களில் அமெரிக்காவில் சிங்கர் மெஷின் விலை 100 டாலருக்கு மேல். வேண்டாம் என்றவர் யாருமில்லை. மொத்தமாக எண்ணி வைக்கத்தான் பலரால் முடியவில்லை. ஐசக் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் ஒரு வக்கீல். 1856ல் அவர் ஒரு வழி செய்தார்: 5 டாலர் முன்பணம் கட்டினால் மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மீதியை மாதம் 3 டாலராகக் கட்டலாம். கடைசித் தவணை வரை மெஷின் கம்பெனியுடையது. கட்டத் தவறினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஒரே வருடத்தில் விற்பனை மும்மடங்கை நெருங்கியது. மெஷினில் ஒரு திருகுகூட மாறவில்லை. மாறியதெல்லாம் பணம் கட்டும் முறைதான். மெஷின் சம்பாதித்து அதன் விலையை அதுவே கட்டட்டும் என்று ஒரு வக்கீல் கண்டுபிடித்தது, ஊசி நுனியில் துளை போட்டதற்குக் குறைந்த கண்டுபிடிப்பு இல்லை. முதல் என்பது இரும்பில் இல்லை. அந்த இரும்பு சம்பாதித்துக் கொடுக்கும்வரை யாரோ ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் இருக்கிறது. நம் டெய்லருக்காகக் காத்திருப்பவர் வட்டிக்காரர்.

சரி, ஊருக்கு வருவோம். கிராமத்தில் பிளவுஸுக்கு 80 ரூபாய்க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். நூல், கொக்கி 10 ரூபாய். அளவெடுப்பது, வெட்டுவது, வந்தவர்களோடு பேசுவது எல்லாம் இவர் தலையில் விழுவதால் நாளைக்கு 5 பிளவுஸ்தான் முடியும். கைக்கு 350 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 8,750.

இது முழுக்க லாபம் என்றுதான் அவர் நினைப்பார். ஆனால் டவுனில் உட்கார்ந்திருந்தால் நாள் கூலி 300 எப்படியும் வந்திருக்கும். ஆகவே 350ல் 300 அவர் உழைப்புக்கு உரியது. மெஷினுக்கு வாய்த்தது 50தான், மாதம் 1,250. அதிலிருந்து வட்டி 180 போகும். மெஷின் இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்றால், தேய்மானத்துக்கு மாதம் 100 எடுத்து வைக்கவேண்டும். ஊசி, எண்ணெய், பெல்ட்டுக்கு ஒரு 50. மிச்சம் 920.

தன் மெஷினில் தானே தைப்பவர் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுகிறார், தானே முதலாளி, தானே கூலியாள் என்று கார்ல் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். இரண்டு பேருக்கும் பை ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் வேலை குறைந்து நாளைக்கு 4 பிளவுஸ் ஆகிறது என்று பாருங்கள். கைக்கு 280. டவுன் கூலிக்கே 20 ரூபாய் குறைவு. வட்டியும் தேய்மானமும் ஊசி, எண்ணெய்ச் செலவும் அதற்கு மேல். நாளைக்கு ஒரே ஒரு பிளவுஸ் குறைந்ததில் மாதத்துக்கு 830 ரூபாய் துண்டு விழுகிறது. பையில் தினமும் பணம் புழங்குவதால் அவருக்கு அது தெரியாது. கூலியாளின் வயிற்றைக் கட்டித்தான் முதலாளி வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தையல் நடுநடுவே விட்டுப்போகிறது என்றால் முதலில் ஊசியை மாற்றிப் பார்ப்பார்கள்; வளைந்ததாகவோ முனை மழுங்கியதாகவோ இருக்கும், சில ரூபாயில் முடிந்துவிடும். ஊசி மாற்றியும் விட்டால் உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக் கேட்கும் பணம் வீட்டில் தனியாக இருக்கிறதா, கடன் வாங்கவேண்டுமா? கடன்தான் என்றால், இத்தனை மாதமும் தேய்மானப் பணத்தைக் கூலி என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

உழைப்பின் பக்கத்தை இந்த வாரமே முடிப்பதாகச் சொல்லியிருந்தோம். கிளார்க் இடத்தைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு வேலை குவிகிறது, டெய்லர் இன்னொரு மெஷின் வாங்கிப் பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைக்கிறார். பையனுக்குப் பிளவுஸுக்கு எவ்வளவு தருவார்? டவுன் கடைக்காரர் மேல் இருந்த மனக்குறை அப்போதும் இருக்குமா? 1831ல் பாரிஸில் தையல்காரர்களே ஒரு தொழிற்சாலைக்குள் புகுந்து தையல் மெஷின்களை உடைத்த சம்பவத்தோடு அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)