காலாண்டு விடைத்தாளைக் கொண்டு வாங்க

பி.எஸ்சி. கணக்கில் நல்ல மார்க் வாங்கியவர் ஜூன் மாதம் வீட்டு வாசலில் 'பத்தாம் வகுப்பு டியூஷன்' என்று அட்டை மாட்டினால், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒன்றிரண்டு வரும். மற்றவர்கள் தேடி வருவது காலாண்டுத் தேர்வு மார்க் வந்த பிறகுதான். கணக்கில் 27 என்று பார்த்த அம்மாவிடம், "நான் 98 வாங்கினேன்" என்று சொல்லிப் பயனில்லை. "விடைத்தாளைக் கொண்டு வாங்கக்கா, காசு வேண்டாம், பார்த்துச் சொல்றேன்" என்றால் மறுநாளே வருவார்.

அப்படி வந்த ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்போம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 10 எழுத வேண்டும். கடைசியில் எட்டு மார்க் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று வடிவியல், மற்றது வரைபடம். தேர்ச்சிக்கு 35. பையன் வாங்கியது முறையே 6, 8, 10, 3.

கடைசி மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டு வரைபடத்துக்கு அட்டவணையைச் சரியாகப் போட்டு, புள்ளிகளையும் சரியாக வைத்திருக்கிறான். ஆனால் வளைவாகக் கையால் வரைய வேண்டியதை ஸ்கேல் வைத்துக் கோணல்மாணலாக இணைத்துவிட்டான். அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் எழுதவில்லை. வடிவியல் பக்கம் காலி. காம்பஸ் கொண்டுபோகவில்லையாம்!

அம்மாவிடம் இதைத்தான் காட்ட வேண்டும். வடிவொத்த முக்கோணம், முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு, இருபடி வரைபடம், மாறுபாட்டு வரைபடம் என்று அந்த 16 மார்க்குக்குப் பழக வேண்டியவை கொஞ்சம்தான். அதில் 12 வாங்கி, புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளைப் பழகி 6-ஐ 10 ஆக்கினால் மொத்தம் 40. மற்ற பகுதிகளைத் தொடவே வேண்டாம். 'சென்டம் கேரண்டி' என்ற நோட்டீஸைவிட இந்தக் கணக்கு அம்மாவுக்கு எளிதில் புரியும். (2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், ரேங்க், மார்க் உத்தரவாதம் தரக்கூடாது என்கிறது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானது அது என்றாலும், சின்ன டியூஷனுக்கும் நல்ல பழக்கம்தான்.)

நன்றாகப் படித்தவர் சறுக்குவது வேறோர் இடத்தில். தான் மனதிலேயே போட்ட இரண்டு வரிகளைப் பலகையிலும் விட்டுவிடுவார். மார்க் வரிக்கு வரி போடப்படுவதால், பிள்ளையின் விடை சரியாக இருந்தும் மார்க் குறையும். விடைத்தாளில் விடைக்கு டிக் விழுந்து, ஐந்துக்கு மூன்று என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது. பென்சில் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாக வேண்டும். அரையாண்டு முடிந்ததும் அந்த அம்மாவிடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ரேஷன் கடை வரிசையில் மீதியை அவரே சொல்லிக்கொள்வார்.