அண்ணன் உழைப்பு, தம்பி பணம்: ஒரே வீட்டில் கணக்கு வைப்பது எப்படி?

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன், தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தந்தை காலமாகிவிட்டார். தாயார் உடன் இருக்கிறார். 4 ஏக்கர் தோட்டம். அதில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள், ஒன்றரை ஏக்கர் தென்னை, மீதி தீவனம். 3 கறவை மாடுகள். அண்ணனும் அவர் மனைவியும் பண்ணையத்தைக் கவனிக்கிறார்கள். தம்பி மில் வேலைக்குப் போகிறார். மாதம் 22,000 ரூபாய் சம்பளம். வரும் பணம் எல்லாம் அண்ணனிடம் சேரும், தேவைக்கு அவரவர் எடுத்துக்கொள்வார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

ஒரு கோடையில் போர்வெல் மோட்டார் கருகியது. காயில் கட்ட 14,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். அண்ணன் தம்பியிடம் கேட்டார். “போர் போட்டதே என் பணத்துலதானுங்க அண்ணா. காயில் கட்டவும் நானேதான் குடுக்கணுமா?” என்றார் தம்பி. “பத்து வருஷமா இந்தக் காட்டுல பாடுபடறனே, எனக்கு யார் கூலி குடுத்தாங்க?” என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். ஆறு நாட்கள் மோட்டார் ஓடவில்லை. மஞ்சள் வாடத் தொடங்கியது. ஏழாம் நாள் தாய்மாமன் வந்து, ஒரு நோட்டை வாங்கிவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இருவர் சொன்னதும் உண்மைதான் என்பதே இதில் உள்ள சிக்கல். தம்பி கொடுத்தது பணம் என்பதால் அது அவர் நினைவில் தொகையாக நிற்கிறது. அண்ணன் கொடுத்தது உழைப்பு. அதற்குத் தொகை போடாததால், அவர் ஒன்றுமே கொடுக்காதது போலத் தெரிகிறது. கூட்டுக் குடும்பச் சண்டைகள் பலவற்றின் வேர் இதுதான்.

மூன்று கணக்கு

மாமன் நோட்டில் மூன்று தலைப்புகள் போட்டார்: அடுப்புக் கணக்கு, தோட்டக் கணக்கு, தனிக் கணக்கு. ஒன்றின் பணத்தை இன்னொன்றுக்கு எடுத்தால் அது கடன். அன்றே எழுத வேண்டும்.

அடுப்புக் கணக்கில் மளிகை, காய்கறி, கேஸ், வீட்டு மின்கட்டணம் வரும். அந்த வீட்டில் இது மாதம் 15,000 ரூபாய். இதைச் சரிபாதியாகப் பிரிக்காமல் ஆள் கணக்கில் பிரித்தார்கள். பெரியவருக்கு ஒரு பங்கு, சிறு குழந்தைக்கு அரைப் பங்கு. அண்ணன் மகன் கல்லூரி விடுதியில் இருப்பதால் அண்ணன் குடும்பத்துக்கு 2 பங்கு. தம்பிக்கு இரண்டு சிறு குழந்தைகள், ஆக 3 பங்கு. தாயாருக்கு ஒரு பங்கு, அதை இருவரும் பாதிப் பாதி ஏற்கிறார்கள். மொத்தம் 6 பங்கு, பங்குக்கு 2,500 ரூபாய். அண்ணன் 6,250 ரூபாயும் தம்பி 8,750 ரூபாயும் மாதப் பிறப்பில் போட்டுவிட வேண்டும். தாயாரின் மருத்துவச் செலவும் பாதிப் பாதி.

பிள்ளைகளின் படிப்பு, துணிமணி, மனைவி வீட்டுச் சீர் எல்லாம் தனிக் கணக்கு. முன்பு அண்ணன் மகனின் கல்லூரிக் கட்டணம் பொதுப் பணத்தில் போனதே, தம்பி மனைவிக்கு நெடுநாள் மனத்தாங்கலாக இருந்திருக்கிறது.

உழைப்புக்கும் கூலி எழுதுங்கள்

தோட்டக் கணக்குதான் முக்கியமானது. மஞ்சள், தேங்காய், பால் மூன்றிலும் அந்த ஆண்டு வந்தது 4,10,000 ரூபாய். விதைமஞ்சள், உரம், ஆள்கூலி, மாட்டுத் தீவனம் எனச் செலவு 1,70,000. மீதி 2,40,000. இதை அப்படியே இரண்டாகப் பிரித்தால் அண்ணனும் அண்ணியும் பட்ட பாடு கணக்கில் வராது. ஆகவே, அவர்கள் இருவரின் உழைப்புக்கு மாதம் 10,000 என ஆண்டுக்கு 1,20,000 ரூபாயை முதலில் எடுத்துவைத்தார்கள். அண்ணன் அடுப்புக் கணக்குக்குப் போடுவதும் இந்தப் பணத்தில்தான். தம்பி லீவு நாளில் தோட்டத்தில் வேலை செய்தால் அவருக்கும் ஊர் வழக்கக் கூலி எழுதப்படும்.

அடுத்து போர்வெல். போர் போட்டது, கேசிங், மோட்டார், பைப் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். இதில் தம்பி தன் சேமிப்பில் கொடுத்தது 1,80,000. இதைத் தோட்டம் தம்பிக்குத் தரவேண்டிய கடனாக எழுதினார்கள். வட்டி இல்லை. ஆண்டுக்கு 30,000 வீதம் ஆறு ஆண்டுகளில் தீர வேண்டும். கூலிக்கும் போர்வெல் தவணைக்கும் போக மீதி 90,000. ஆளுக்கு 45,000 ரூபாய். இனி காயில் கட்டுவது போன்ற பழுதுச் செலவு எல்லாம் தோட்டக் கணக்கில்தான்.

மனைவியின் நகையை அடகு வைத்துப் பயிர்ச் செலவு செய்தாலும் இதே முறைதான். அசல், வட்டி இரண்டும் தோட்டக் கணக்கில் ஏறும். மகசூல் விற்றதும் முதலில் நகையைத் திருப்ப வேண்டும். அதன் பிறகே பங்கு பிரிக்க வேண்டும்.

மாதம் ஒரு நாள் நோட்டைப் படிக்கும்போது அண்ணி, தம்பி மனைவி இருவரும் உடன் இருக்க வேண்டும் என்று மாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆண்கள் மட்டும் பேசி முடித்தால், அறைக்குள் போய்ச் சொல்லும்போது அது வேறு கணக்காக மாறிவிடும். ஆண்டு முடிவில் நிலுவையை எழுதி, தேதி போட்டு அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும். கைமாற்றாகக் கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுகள்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

நோட்டு எதற்குப் போதாது?

பணக் கணக்குக்கு நோட்டு போதும். நிலத்துக்குப் போதாது. அந்த 4 ஏக்கரும் தந்தை தாமே வாங்கியது. உயில் எழுதவில்லை. எனவே தாயார், இரு மகன்கள், திருமணமாகிப் போன மகள் என நால்வருக்கும் அதில் சம பங்கு உண்டு. சகோதரி “எனக்கு வேண்டாம்” என்று வாயால் சொன்னாலும், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் உரிமை நீங்காது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பொது நிலத்தில் ஒருவர் மட்டும் மாடி கட்டுவதோ கிணறு வெட்டுவதோ பிற்காலச் சண்டைக்கு இப்போதே கால்கோள் இடுவதாகும்.

பிரிவதற்கும் விதி

சேர்ந்திருக்கும்போதே பிரியும் விதியையும் எழுதிவைத்தார்கள். நடுப்பருவத்தில் யாரும் பிரியக் கூடாது. வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தை, மாசியில்தான் வெட்டுக்கு வரும். அதை வேகவைத்துக் காயவைத்து விற்று, கடன் தீர்த்த பிறகே பேச்சு. போர்வெல் கடன் மீதி இருந்தால் தம்பிக்கு முதலில் அது சேர வேண்டும். போர்வெல் ஒருவர் பாகத்தில் விழும், மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். ஆகவே மற்றவருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் தண்ணீர், பைப் எந்த வழியாகப் போகும், வண்டிப் பாதை எது, மோட்டார் பழுதுக்கு யார் எவ்வளவு தருவது என்பதெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். “அண்ணன் தம்பிக்குள்ள என்ன, தண்ணி விட்டுக்கலாம்” என்பது அடுத்த தலைமுறைக்குச் செல்லாது.

கடைசிப் பக்கத்தை எழுதும்போது தம்பி கொஞ்சம் தயங்கினார். “பிரியறதைப் பத்தி இப்பவே எதுக்குங்க மாமா?” என்றார். “சண்டையில எழுதுனா நியாயமா எழுத மாட்டீங்க, மாப்பிள்ளை. மனசு நல்லா இருக்கும்போதே எழுதிக்குங்க” என்றார் மாமன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று மாலையே காயில் கட்டிய மோட்டாரைப் போர்வெல்லில் இறக்கினார்கள். நோட்டில் முதல் வரவு செலவாக ஏறியது அந்த 14,000 ரூபாய்தான், தோட்டக் கணக்கில்.