கார் நிற்கும் கீழ்த்தளத்துக்குக் காற்றோட்டம் அமைத்தல்

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முதல் கீழ்த்தளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், தளத்திலிருந்து கூரை வரை 3 மீட்டர். கிழக்கு ஓரத்தில் கார்கள் இறங்கும் சாய்தளம் இருக்கிறது. நடுவில், சற்றுத் தெற்கே தள்ளி, லிஃப்டும் மாடிப்படியும் அடங்கிய கான்கிரீட் கூண்டு நிற்கிறது. கணக்கு இந்தத் தளத்தின் கன அளவிலிருந்து தொடங்குகிறது. மூன்றையும் பெருக்கினால் 7,200 கனமீட்டர் கிடைக்கும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்கு வழக்கமான நேரத்தில் மணிக்கு 6 முறையும், தீ மூண்டால் மணிக்கு 12 முறையும் காற்று முழுவதும் மாற வேண்டும் என்கிறது. ஆறு முறை என்றால் மணிக்கு 43,200 கனமீட்டர், அதாவது நொடிக்கு 12. பன்னிரண்டு முறை என்றால் நொடிக்கு 24. இந்த 24-ஐ ஒரே விசிறியிடம் ஒப்படைக்கக் கூடாது. நொடிக்கு 12 கனமீட்டர் இழுக்கும் இரண்டு வெளியேற்று விசிறிகள் மேற்கு ஓரத்தில், தனித்தனிக் காற்றுக் குழிகளின் அடியில் வைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானாலும் பாதிக் காற்று வெளியேறும். வழக்கமான நேரத்துக்கு அந்தப் பாதியே போதும். தீ நேரத்திலும் இவையே புகையை இழுக்க வேண்டியிருப்பதால், 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரம் ஓடும் தரத்தில் வாங்கப்படுகின்றன.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கிழக்கு ஓரத்தில் உள்ளேற்று விசிறிகள் நொடிக்கு 20 கனமீட்டர் தள்ளும். மீதி 4 கனமீட்டர் சாய்தளத்தின் வாய் வழியாகத் தானே வரும். இந்தக் குறைவு வேண்டுமென்றே வைப்பது. தளத்துக்குள் அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தால், புகையும் நாற்றமும் லிஃப்ட் முற்றத்துக்குள் கசியாது. ஆனால் குறைவு மிகுந்துவிட்டால் முற்றத்தின் கதவைத் திறக்கத் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கும். கதவு திடீரென்று கனக்கிறது என்று காவலாளி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது உள்ளேற்று விசிறி நின்றுவிட்டதா என்பதைத்தான்.

அடுத்தது ஜெட் விசிறி. முன்பெல்லாம் தகரக் குழாய்கள் கூரை நெடுக ஓடி, ஆங்காங்கே வாய் திறந்து காற்றை உறிஞ்சும். அவை கூரை உயரத்தைத் தின்றன. தண்ணீர்க் குழாயோடும் தீயணைப்புக் குழாயோடும் இடத்துக்குப் போட்டியிட்டன. ஜெட் விசிறி சுரங்கப்பாதையிலிருந்து வந்த உத்தி. அது காற்றை வெளியேற்றுவதில்லை. கிழக்கே நுழைந்த காற்றை மேற்கே இருக்கும் குழி வாய்க்கு நகர்த்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. 355 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறி, நொடிக்கு ஏறத்தாழ 2 கனமீட்டர் காற்றை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். காற்றின் அடர்த்தி 1.2-ஐ இவ்விரண்டோடும் பெருக்கினால் 48 நியூட்டன் உந்துவிசை. சந்தையில் இதை 50 நியூட்டன் விசிறி என்பார்கள். பீய்ச்சும் காற்று, அக்கம்பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஜெட் விசிறியின் பயன் முழுவதும் அந்த இழுப்பில் இருக்கிறது.

நம் தளத்துக்கு எட்டு விசிறிகளை மூன்று வரிசையாகத் தொங்கவிடலாம்: வடக்கே மூன்று, தெற்கே மூன்று, கூண்டு இடைமறிக்கும் நடு வரிசையில் இரண்டு. தொங்கவிடும்போது உத்தரங்களைப் பார்க்க வேண்டும். விசிறியின் வாய்க்கு எதிரே 450 மில்லிமீட்டர் ஆழமுள்ள உத்தரம் குறுக்கே வந்தால், பீய்ச்சும் காற்று அதில் மோதிக் கீழே கொட்டிவிடும். அந்த விசிறி இருந்தும் இல்லாதது போலத்தான். ஆகவே அதன் வாய் உத்தரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வர வேண்டும், அல்லது வாயிலுள்ள தகடுகளைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். தாழ்த்தினால் கார் ஓடும் பாதையில் தலையிடிக்கும் என்பதால், கார் நிற்கும் கட்டங்களுக்கு மேலே தொங்கவிடுவது நல்லது.

ஜெட் விசிறிகள் கூடினால் காற்று நன்றாக ஓடும் என்று நினைத்துவிடுவது எளிது. தளத்தின் குறுக்குவெட்டு 40 பெருக்கல் 3, அதாவது 120 சதுரமீட்டர். நொடிக்கு 24 கனமீட்டர் அதன் வழியே போனால் சராசரி வேகம் நொடிக்கு 0.2 மீட்டர்தான். ஜெட் விசிறிகள் இழுப்பையும் சேர்த்து இதைவிட அதிகமாக நகர்த்தினால், மேற்கே போய்ச் சேர்ந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் சுவரோரமாகத் திரும்பிக் கிழக்கே வந்துவிடும். கழிவுக்காற்று ஊர்வலமாகத் தளத்தையே சுற்றிவரும். அதனால் வெளியேற்று விசிறி பாதி வேகத்தில் ஓடும்போது ஜெட் விசிறியும் பாதி வேகத்தில் ஓட வேண்டும். அப்போது அதன் உந்துவிசை பாதியாக அல்ல, கால் பங்காக, 12 நியூட்டனாகக் குறையும். மெல்ல நகர்த்த அது போதும்.

இனி உணரிகள். கார்பன் மோனாக்சைடின் எடை காற்றின் எடையில் ஏறத்தாழ 97 விழுக்காடு. அது தரையில் படியாது, கூரையிலும் தேங்காது, காற்றோடு கலந்துவிடும். ஆகவே மனிதர் மூச்சிழுக்கும் உயரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், தூண்களில் பொருத்த வேண்டும். 400 சதுரமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 2,400 சதுரமீட்டருக்கு ஆறு வரும். கார்கள் வரிசையில் காத்திருக்கும் சாய்தளத்தின் அடியில் ஒன்றும், கூண்டின் பின்புறம் ஒன்றும் சேர்த்து எட்டு. உள்ளேற்று விசிறியின் வாய்க்கு நேரே வைத்த உணரி எப்போதும் வெளிக்காற்றையே முகர்ந்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கே பொருத்துவது மின்வேதியியல் உணரி. அளவு வரம்பு 0 முதல் 200 பிபிஎம். அனுப்பும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். 25 பிபிஎம்முக்கு 6, 50-க்கு 8, 100-க்கு 12. சுழி அளவுக்கு 0 வராமல் 4 வருவது இந்த முறையின் அழகு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4-க்குக் கீழே விழும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைச் சுத்தமான காற்று என்று எண்ணாமல், பழுது என்று கண்டுகொண்டு விசிறிகளை ஓட்டிவிடும்.

படிநிலைகளுக்கு வருவோம். எட்டு உணரிகளின் சராசரியைப் பெட்டி பார்க்கக் கூடாது. எது அதிகம் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். ஏழு மூலைகள் சுத்தமாக இருப்பதால் எட்டாவது மூலையில் நிற்பவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த அளவு 25 பிபிஎம்மைத் தாண்டி இரண்டு நிமிடம் நின்றால் முதல் படி: இரண்டு வெளியேற்று விசிறிகளும் பாதி வேகத்தில் தொடங்கும். முப்பது நொடி கழித்து, அந்தப் பகுதி ஜெட் விசிறிகள் பாதி வேகத்தில் சுழலும். 50-ஐத் தாண்டினால் இரண்டாம் படி: முக்கால் வேகம், எல்லா ஜெட் விசிறிகளும். 100-ஐத் தொட்டால் முழு வேகம், கூடவே எச்சரிக்கை ஒலி. அளவு 15-க்கு இறங்கிப் பத்து நிமிடம் அங்கேயே நின்றால்தான் நிறுத்தம். நிறுத்தும்போது முதலில் ஜெட், பிறகு வெளியேற்று. தொடங்கும் 25-க்கும் நிற்கும் 15-க்கும் இடையே உள்ள இந்த இடைவெளி இல்லாவிட்டால், ஒவ்வொரு கார் போகும்போதும் விசிறி ஓடி ஓடி நின்று மோட்டார் சூடேறும். யாரும் வராத நாளிலும் காலையில் கொஞ்ச நேரம் ஓடும்படி நேரக் கட்டளை ஒன்றும் வைப்பது வழக்கம்.

முதல் படியில் ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டினாலும் அதே 12 கனமீட்டர்தான் வரும். பிறகு ஏன் இரண்டையும் ஓட்ட வேண்டும்? 400 பாஸ்கல் அழுத்தத்துக்கு எதிராக 12 கனமீட்டர் தள்ள 4.8 கிலோவாட் தேவை. 65 விழுக்காடு திறனில் தண்டில் 7.4 கிலோவாட். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். பாதி வேகத்தில் ஒரு விசிறிக்கு எட்டில் ஒரு பங்கு, இரண்டுக்கும் சேர்த்து 1.85 கிலோவாட். அதே காற்று, கால் பங்கு மின்சாரம். முக்கால் வேகத்தில் இரண்டும் ஓடினால்கூட 6.2 கிலோவாட்தான், ஒன்றின் முழு ஓட்டத்தை விடக் குறைந்த செலவில் மணிக்கு 9 முறை காற்று மாறுகிறது. வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டியின் இழப்புகள் இந்தக் கணக்கைச் சற்றே கடிக்கும், ஆனாலும் வேறுபாடு பெரிது. அந்த 12 கனமீட்டர் எவ்வளவு தாங்கும் என்றும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 720 கனமீட்டர், அதில் 25 பிபிஎம் என்றால் 18 லிட்டர். எல்லாக் கார்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 18 லிட்டருக்கு மேல் கார்பன் மோனாக்சைடு கக்காத வரை முதல் படியே போதும்.

தீ அறிவிப்பு வந்ததும் இந்தப் படிகள் எல்லாம் ஒதுங்கிவிடும். தீ அறிவிப்புப் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வழியே வரும் கட்டளை உணரிகளின் பேச்சைக் கேட்காது. வெளியேற்று விசிறிகள் உடனே முழு வேகம். ஜெட் விசிறிகள் மட்டும் சில நிமிடங்கள் காத்திருக்கும்; உடனே பீய்ச்சினால், கூரையடியில் படலமாக நிற்கும் புகையைத் தலை உயரத்துக்குக் கலக்கிவிடும், தண்ணீர் தெளிப்பான்கள் வெடிப்பதையும் தாமதப்படுத்தும். எத்தனை நிமிடம் என்பதை ஆட்கள் வெளியேறும் நேரத்தைக் கணக்கிட்டு முடிவு செய்வார்கள்.

பொருத்தி முடித்ததும் சோதனை. காற்றுக் குழியின் வாயைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றுவேகமானியை வைத்து அளந்து, 12 கனமீட்டர் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கூண்டின் பின்புறம் போய்ப் புகைக்குழலை நீட்ட வேண்டும். காற்று ஓடும் இடத்தில் புகை ஒரு கோடாக மேற்கே போகும். செத்த மூலையில் அது சுருண்டு, அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் இன்னொரு விசிறி வாங்கத் தேவையில்லை. நடு வரிசை விசிறி ஒன்றைச் சில டிகிரி திருப்பிப் பார்த்து, மறுபடி புகை விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உணரி ஒவ்வொன்றுக்கும் 50 பிபிஎம் வாயுவைக் குப்பியிலிருந்து காட்டி, 8 மில்லி ஆம்பியர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வண்ணம் பூசுபவர்கள் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஏதாவது ஓர் உணரியில் அப்படியே இருப்பது இந்தச் சோதனையில்தான் வெளிப்படும்.

இந்த உணரி எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. டீசல் வண்டி கார்பன் மோனாக்சைடைக் குறைவாகவே விடும். அதன் தொல்லை நைட்ரஜன் டையாக்சைடு. டீசல் வேன்கள் நிற்கும் தளத்தில் அதற்கென்று தனி உணரிகள் வேண்டும். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஒரே ஓர் உணரி நள்ளிரவில், ஒரு காரும் அசையாத நேரத்தில், 30, 40 என்று ஏறினால் அதன் பக்கத்தில் யு.பி.எஸ். பேட்டரி அறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈய அமில பேட்டரி மின்னேற்றும்போது ஹைட்ரஜன் விடும். கார்பன் மோனாக்சைடு உணரி அதையும் தன் வாயு என்றே எண்ணிக்கொள்ளும். ஏறும் நேரமும் மின்னேற்றும் நேரமும் ஒத்துப்போனால் காரணம் அதுதான். அங்கே உணரியை நகர்த்துவது இரண்டாவது வேலை. பேட்டரி அறையின் சொந்த விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை.