பபபபா முதல் பாப்பா வரை

நான்கைந்து மாதக் குழந்தை எழுப்பாத சத்தம் இல்லை. வீலென்று கத்தும், உதட்டை மூடிக் காற்றை விட்டு எச்சில் தெறிக்க 'ப்ர்ர்' என்னும், உறுமும், தானாகக் கீச்சிட்டுத் தானே மகிழும். அதற்கும் முன்னால், இரண்டு மூன்று மாதத்தில் 'ங்கு... ங்கா...' என்று தொண்டையிலிருந்து ஓர் ஒலி வரும். "ங்கு சொல்லு, ங்கு சொல்லு" என்று பாட்டிமார் குழந்தையின் முகத்துக்கு மேல் குனிந்து கேட்பது இந்த ஒலியைத்தான். மல்லாந்து கிடக்கும் சிசுவின் நாக்கு பின்புறமாகச் சரிந்து மேலண்ணத்தின் மென்மையான பகுதியைத் தொட்டுவிடுகிறது. குரல் அந்த வழியே வரும்போது 'ங்' கேட்கிறது.

இந்த ஒலிகளுக்கெல்லாம் பிறகு, பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்கும் பத்தாவது மாதத்துக்கும் இடையில், வேறொன்று தொடங்கும். 'பபபபா', 'மமமமா', 'தாதாதா' என்று தெளிவான அசைகள் அடுக்கடுக்காக வரும். சில குழந்தைகளிடம் இது ஒரே வாரத்துக்குள் தோன்றிவிடும். நேற்று வரை கத்திக்கொண்டிருந்தவன் இன்று பேசுகிறவன் மாதிரி இருக்கிறானே என்று வீட்டில் இருப்பவர்களே சொல்வார்கள். இதை அடுக்கு மழலை என்று வைத்துக்கொள்வோம்.

முந்தைய ஒலிகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? மெய்யிலிருந்து உயிருக்குப் போகும் வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெரியவர்கள் 'பா' என்னும்போது மூடிய உதடு திறந்து 'ஆ' முழுதாக ஒலிக்க ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. நான்கு மாதக் குழந்தையின் 'ப்ப்ஆஆ' அப்படியல்ல. உதடு ஒரு பக்கம் மெல்லத் திறக்கும், குரல் இன்னொரு பக்கம் இழுபடும். ஏழெட்டு மாதத்தில் இந்த இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்துவிடுகின்றன. குழந்தைகளின் ஒலியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கிம்பரோ ஆலர், இந்த வேகத்தோடு வரும் அசையையே உண்மையான பேச்சசை என்று பிரித்துக் காட்டினார். பெற்றோருக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கேட்ட அசையை 'பா', 'தா', 'மா' என்று தயங்காமல் எழுத்தில் எழுதிவிட முடிந்தால் அது வந்துவிட்டது.

ஏன் ப, ம, த மட்டும் முதலில் வருகின்றன? பீட்டர் மெக்நீலேஜ், பார்பரா டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது. இந்த வயதில் குழந்தைக்கு நாக்கைத் தனியாக ஆட்டிவைக்கும் திறமை இன்னும் வரவில்லை. தாடையை மேலும் கீழும் ஆட்ட மட்டும் நன்றாகத் தெரியும். குரலை விட்டபடி தாடையை ஆட்டினால், மேலே வரும்போது உதடுகள் ஒட்டும், கீழே இறங்கும்போது வாய் திறக்கும். 'பபபப' தயார். அதே ஆட்டத்தில் காற்று மூக்கு வழியாகவும் போனால் 'மமமம'. நாக்கு சற்று முன்னால் இருந்தால் 'ததத'. நாக்கு நுனியைத் தனியே மடக்கியோ நிறுத்தியோ சொல்ல வேண்டிய ழ, ற, ள போன்றவை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இதே பருவத்தில்தான் குழந்தை கிலுகிலுப்பையை விடாமல் ஆட்டுகிறது, கையால் தரையைத் தட்டுகிறது. கையும் தாடையும் ஒரே காலத்தில் தாளம் பிடிக்கின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்தில் வைத்தது, குழந்தையை அருகிலிருந்து பார்த்தவர்களின் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாடையின் ஆட்டம் மட்டுமே போதும் என்றால், காது கேளாத குழந்தையும் இதே வயதில் 'பபபப' சொல்ல வேண்டும். சொல்வதில்லை. பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான செய்தி இது. ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகக் காது கேட்கும் குழந்தைகள் எல்லோரும் பத்து மாதத்துக்குள் அடுக்கு மழலையைத் தொடங்கியிருந்தார்கள். கடுமையான செவித்திறன் குறைபாடு உள்ள குழந்தைகள் பதினொரு மாதத்துக்குப் பிறகே தொடங்கினார்கள். சிலருக்கு இரண்டு வயது ஆனது. தன் குரலும் பிறர் குரலும் காதில் விழுந்தால்தான் தாடையின் தாளம் பேச்சசையாகத் திருந்துகிறது. பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் குழந்தைகளோ கையால் மழலை பேசுகிறார்கள். ஒரே கைவடிவத்தை அடுக்கடுக்காகச் செய்துகாட்டுகிறார்கள். லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் 1991-இல் இதைப் பதிவு செய்தார்கள்.

பல வீடுகள் ஏமாறும் இடமும் இங்கேதான் இருக்கிறது. காது கேளாத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதங்களில் அழும், சிரிக்கும், 'ங்கா' சொல்லும், கத்தும். "நல்லா சத்தம் போடறானே, காதுக்கு என்ன குறை?" என்று பெரியவர்கள் தைரியம் சொல்லிவிடுவார்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்பார்கள். கையின் நிழல், காற்றின் அசைவு, தரையின் அதிர்வு, எதிரே நிற்பவரின் பார்வை என்று எதைக் கண்டும் குழந்தை திரும்பக்கூடும். தட்டின் ஓசை மட்டும் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகளும் உண்டு. வீட்டுச் சோதனையை நம்பி இருந்துவிட முடியாது.

ஆகவே பத்து மாதம் நிறைந்தும் 'பபப', 'மமம', 'ததத' எதுவும் வரவில்லை என்றால் காதைப் பரிசோதிக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளை விட்டுவிட்டுப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறியிருந்தாலும் மீண்டும் பார்ப்பது நல்லது. மூளைக்காய்ச்சல், கடுமையான மஞ்சள்காமாலை, சில வைரஸ் தொற்றுகள் ஆகியவற்றால் செவித்திறன் பிறகு குறையலாம். பரம்பரையாக வரும் குறைபாடும் தாமதமாக வெளிப்படலாம். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குழந்தை தூங்கும்போதே எடுக்கக்கூடிய 'பெரா' சோதனை, ஒலிக்கு மூளை வரையிலான நரம்பு எப்படிப் பதிலளிக்கிறது என்று காட்டிவிடும். காதுக்குள் நீர் தேங்கியிருப்பதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் மருத்துவத்தில் சரியாகும். குறை கடுமையாக இருந்து காது நுண் எலும்புச்சுருள் கருவி தேவைப்பட்டால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஆனால் கேட்கத் தொடங்கும் வயது எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குப் பேச்சு எளிதாகும். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற ஆறுதலுக்கு ஓராண்டைக் கொடுத்துவிடக் கூடாது.

மழலை வந்துவிட்ட வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன? மைக்கேல் கோல்ட்ஸ்டீன், ஆண்ட்ரூ கிங், மெரடித் வெஸ்ட் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மார்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் குழந்தை ஒலி எழுப்பிய உடனே சிரித்து, நெருங்கி, தொட்டார்கள். மற்றக் குழுவினர் அதே அளவு சிரிப்பையும் தொடுதலையும் குழந்தையின் ஒலியோடு தொடர்பில்லாத நேரங்களில் கொடுத்தார்கள். முதல் குழுக் குழந்தைகளிடம் சில நிமிடங்களிலேயே தெளிவான அசைகள் கூடின. மற்றக் குழுவில் அந்த மாற்றம் இல்லை. அன்பின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நேரம்தான் வேறு. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதை விட, குழந்தை 'தாதா' என்று முடித்ததும் அதன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்ததற்குக் காத்திருப்பது பயன் தரும். தொலைக்காட்சிப் பெட்டி எவ்வளவு பேசினாலும் குழந்தை முடிக்கும் கணத்தில் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி மழலை சொல்லாகும் கட்டம். மழலைக்கும் பேச்சுக்கும் தொடர்பே இல்லை, இடையில் ஒரு மௌனம்கூட உண்டு என்று 1941-இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்ஸன் எழுதினார். நெடுங்காலம் அது நம்பப்பட்டது. மர்லின் விமன் குழுவினர் 1985-இல் குழந்தைகளின் ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டபோது வேறு படம் தெரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் மழலையில் எந்த மெய்யை அதிகம் பழகியதோ அதை வைத்தே முதல் சொற்களைக் கட்டுகிறது.

பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரே குழந்தையாக வைத்துப் பார்க்கலாம். எட்டு மாதத்தில் அவளுக்குப் பிடித்த ஒலி 'தாதாதா'. கரண்டியைத் தட்டும்போதும் அதுதான், கூரையைப் பார்த்தும் அதுதான். "என்னைத்தான் கூப்பிடறா" என்று தாத்தா பூரிக்கிறார். அது இன்னும் சொல் அல்ல. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் "தாத்தா இங்க இருக்கேன்டா கண்ணு" என்று முகம் காட்டுகிறார். பத்து மாதத்தில் அடுக்கு உடைகிறது. 'தாபா', 'மாதீ' என்று அசைகள் மாறி மாறி வருகின்றன, ஏதோ கேள்வி கேட்பதுபோல் குரல் ஏறி இறங்குகிறது. பதினொன்றில் எட்டாத பொம்மையைப் பார்த்துக் கை நீட்டி ஒரே ஒரு 'தா!' சொல்கிறாள். அம்மா "வேணுமா? இந்தா" என்று எடுத்துக்கொடுக்கிறாள். நாலு நாளில் பிஸ்கட்டுக்கும் 'தா', சாவிக்கும் 'தா'. ஒரு வயதை ஒட்டி, தெருவில் தாத்தாவின் வண்டிச் சத்தம் கேட்டதும், யாரும் சொல்லித்தராமல் வாசலைப் பார்த்து 'தாத்தா' என்கிறாள். பாட்டியைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை.

இந்தக் கடைசி நிலையை எப்படி உறுதி செய்வது என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஒலி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே ஆளுக்கோ பொருளுக்கோ தேவைக்கோ வர வேண்டும். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தானாக வர வேண்டும். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு 'நீ', பாலுக்கு 'இங்கா', காக்காவுக்கு 'கா' என்றால் அவை முழுச் சொற்களே. திருத்த வேண்டாம். "ஆமா, காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான வடிவம் காதில் விழும்படி பதில் சொன்னால் போதும். வீட்டில் இரண்டு மொழி புழங்குகிறது என்பதால் மழலை தாமதமாவதில்லை. அதற்காக ஒரு மொழியை நிறுத்தவும் தேவையில்லை.

முதல் சொல் வந்த பிறகும் மழலை நிற்காது. ஒன்றரை வயது வரை ஒரு சொல்லுக்கு நடுவே நீண்ட புரியாத வாக்கியங்கள் ஓடும். ஆனால் முன்பு வந்த அசைகள் மறைந்து குழந்தை அமைதியாகிவிட்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வயது முடிந்தும் கை நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை என்றாலும், பதினைந்து பதினாறு மாதம் வரை ஒரு சொல்கூட இல்லை என்றாலும் அப்படியே. மருத்துவமனையில் புது முகங்களைக் கண்டு பெரும்பாலான குழந்தைகள் வாயே திறப்பதில்லை. அதனால் வீட்டில் விளையாடும்போது செல்போனில் இரண்டு மூன்று வீடியோக்களை எடுத்து, எந்த மாதத்தில் எந்த ஒலி வந்தது என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவர் அதைக் கொண்டே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.