‘நே’வா, ‘யோ’வா? ஜப்பானியப் பேச்சை மாற்றும் ஓரெழுத்துச் சொற்கள்

டோக்கியோவில் ஒரு ராமென் கடை. இரண்டு நண்பர்கள் சாப்பிடுகிறார்கள். முதல் வாய் உள்ளே போனதும் ஒருவர், “ஒய்ஷீ நே!” என்கிறார். மறுநாள் அவரே, அந்தக் கடைக்குப் போகாத இன்னொரு நண்பரிடம் “ஒய்ஷீ யோ!” என்கிறார். ‘ஒய்ஷீ’ என்றால் சுவையாக இருக்கிறது. அப்புறம் எதுக்கு இந்த ‘நே’, ‘யோ’?

யாருக்குத் தெரிந்த விஷயம்?

இருவருக்கும் தெரிந்த விஷயம் என்றால் ‘நே’. நம்ம ஊரில் “நல்லாருக்குல்ல?” என்கிறோமே, அந்த ‘ல்ல’ செய்யும் வேலைதான். கேட்பவருக்குத் தெரியாத விஷயம் என்றால் ‘யோ’. “செமையா இருக்கு, தெரியுமா!” என்பது போல.

அதனால்தான் ஒருவர் “சமுய் தெஸ் நே” (குளிருதுல்ல?) என்றால், “ஹாய், சமுய் தெஸ்” (ஆமாம், குளிருது) என்று மட்டும் சொன்னால் ஒட்டாத பதிலாகத் தெரியும். “சோ தெஸ் நே” (ஆமால்ல!) என்பதுதான் இயல்பு.

ஒரே மீட்டிங், மூன்று விதம்

‘கைகி வா சன்ஜி தெஸ்’ என்றால், ‘மீட்டிங் மூன்று மணிக்கு’. சும்மா ஒரு தகவல். நண்பர் நாலு மணி என்று நினைத்துக்கொண்டிருந்தால், கடைசியில் ‘யோ’ சேரும்: “ஏய், மூணு மணிக்குப்பா!”. அவருக்குத்தான் சரியாகத் தெரியும், நமக்கு உறுதி வேண்டும் என்றால் ‘நே’: “மூணு மணிக்கு, இல்லையா?”. நமக்கும் ஓரளவு தெரியும், சரிபார்க்கிறோம் என்றால் இரண்டும் சேர்ந்து ‘யோ நே’ ஆகும். தமிழில் இதற்குக் கச்சிதமான ஜோடி, ‘தானே’: “மூணு மணிக்குத்தானே?”.

எங்கே சறுக்கும்?

தமிழில் ‘டா’, ‘பா’, ‘ங்க’ எல்லாம் எதிரில் இருப்பவர் யார் என்பதையும் சொல்லிவிடும். மேனேஜரிடம் யாரும் ‘டா’ போடுவதில்லை. ஜப்பானிய மொழியில் மரியாதையைச் சுமப்பது ‘தெஸ்’, ‘மஸ்’ போன்ற வினை முடிவுகள். ‘நே’யும் ‘யோ’வும் அவற்றுக்குப் பிறகும் வரலாம். எனவே ‘தெஸ்’ போட்டுவிட்டோம், ‘யோ’வும் பரவாயில்லை என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

மேனேஜர் ஒரு வேலையை விளக்குகிறார். “வகத்தே இமஸ் யோ” என்று பதில் சொன்னால், இலக்கணப்படி மரியாதையான வாக்கியம்தான். ஆனால் அவர் காதில் விழுவது, “அதெல்லாம் எனக்குத் தெரியும்ங்க”. ‘உங்களுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்’ என்ற தொனியை ‘யோ’ கொண்டுவந்துவிடுகிறது. அங்கே “வகரிமஷ்தா” (புரிந்தது) போதும், ‘யோ’ வேண்டாம்.

அதே ‘யோ’, ரோட்டில் ஒருவரின் பர்ஸ் விழுந்தால் உதவியாகிவிடும். “சைஃபு ஒச்சிமஷ்தா யோ!” என்றால், “சார், பர்ஸ் விழுந்துடுச்சு பாருங்க!”. அவருக்கு அது நிஜமாகவே தெரியாதே!