அக்கா பாடிய ‘அசரகே’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா திடீரென்று கேட்டாள். “டேய், நாங்க ஹாஸ்டல்ல ஆடுவோமே ஒரு பாட்டு, ‘அசரகே’ன்னு வரும், அது என்ன பாட்டு?”

“எந்த மொழி?”

“யாருக்குத் தெரியும்? கோரஸ் மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதுவும் முதல் வார்த்தை மட்டும். மிச்சம் அதே மாதிரி மடங்கி மடங்கி வரும்.” எழுந்து நின்று ஒரு கையை நெற்றியிலும் இன்னொன்றைப் பிடரியிலும் வைத்து, முழங்கால்களை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாள். கல்லூரியில் கடைசி வருடமாம். அதாவது 2003.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஓடுகிற பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இங்கே உதவாது. அது ஒலிப்பதிவின் ரேகையைத்தான் ஒப்பிடும். அதற்கு அந்தப் பதிவே ஓட வேண்டும். முணுமுணுத்துத் தேடும் வசதி வேறு வகை. குரலையும் சொல்லையும் உதறிவிட்டு, சுரம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மொழி தெரியாதவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் அக்கா பாடியதில் ஏற்ற இறக்கமே இல்லை. ராப் பாட்டுப் போல ஒரே இடத்தில் நின்று கடகடவென்று ஒப்பிக்கிற கோரஸ். போன் ஏதேதோ பாடல்களை நீட்டியது. ஆக, கையில் இருந்தது நான்கு அசை மட்டுமே.

தெரியாத மொழியைக் காது தவறாகத்தான் கேட்கும். ஆனால் கண்டபடி தவறாகக் கேட்காது. நம் மொழியில் இல்லாத ஒலியை, இருக்கிற ஒலிகளில் அதற்கு மிக நெருங்கியதாக மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாற்றும். அதனால் மாற்றியதைத் திருப்பி மாற்றவும் முடியும்.

‘அசரகே’யில் இருக்கும் ககரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “அது க-வா, ஹ-வா?” என்று கேட்டேன். அக்கா யோசித்து, “ரெண்டும் இல்லடா, தொண்டையைச் செருமுற மாதிரி” என்றாள். அந்தச் செருமல்தான் பெரிய துப்பு. இத்தாலியனில் அந்த ஒலி கிடையாது. பிரெஞ்சில் செருமல் உண்டு, ஆனால் அது அவர்களுடைய ரகரம். அங்கே அக்காவின் ‘ர’வும் சேர்ந்து கரகரத்திருக்கும். ஸ்பானிய மொழியில் நாக்கு ஒரே ஒரு முறை தட்டும் நம்முடைய ‘ர’வும் உண்டு, செருமுகிற ஹகரமும் உண்டு. நான்கு அசைகளும் உயிரொலியில் முடிவதும் அதற்குப் பொருந்துகிறது. நான்கு அசையை வைத்து மொழியை அடித்துச் சொல்வது துணிச்சல்தான். ஆனால் தேட ஆரம்பிக்க ஓர் ஊகம் போதும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். பலர் சறுக்குவது இங்கேதான். ‘அசரகே’ என்று கேட்டால் `asarake` அல்லது `asarahe` என்று அடிப்போம். அது ஆங்கிலப் பழக்கம். ஸ்பானியர்கள் அந்தச் செருமலை `j` என்று எழுதுவார்கள். அவர்களுடைய `h` எழுத்துக்கு ஒலியே கிடையாது. ஆக `asaraje`. பாடல் வரிகளுக்கு அவர்கள் சொல்லும் சொல் `letra`. அதையும் பக்கத்தில் சேர்த்தால்தான் அந்த ஊர்க்காரர்கள் எழுதிய பக்கங்கள் வரும். பிரெஞ்சுப் பாட்டு என்றால் `paroles`, ருமேனியப் பாட்டு என்றால் `versuri`, இந்தோனேசியப் பாட்டு என்றால் `lirik`.

`asaraje letra` ஒன்றும் தரவில்லை. அப்போதுதான் உயிரெழுத்துகளைச் சந்தேகித்தேன். தமிழ்ச் சொற்களின் நடுவில் குறில் எகரம் அபூர்வம். ‘செ’, ‘ரெ’ என்று அடுத்தடுத்து வந்தால் நம் காது அவற்றைப் பழகிய அகரமாக்கிவிடும். அக்காவின் காதும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். இரண்டையும் திருப்பினேன்:

```
asereje letra
```

முதல் விடையிலேயே வந்து நின்றது. லாஸ் கெட்சப் என்ற ஸ்பானியக் குழுவின் ‘அசெரெஹே’, 2002. போட்டுக் காட்டியதும் அக்காவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. கோரஸ் மட்டும் பொருந்தினால் நம்பக் கூடாது. ஒரே கோரஸை வேறு யாராவது திரும்பப் பாடியிருக்கலாம். ஆண்டு பொருந்தியது, நடனம் பொருந்தியது. ஒன்று மட்டும் உதைத்தது. “நாங்க கேட்டதுல நடுநடுவே இங்கிலீஷ் வருமே?” அதுவும் சரிதான். வெளிநாடுகளுக்கென்று சரணங்களில் ஆங்கிலம் கலந்து ஒரு பதிவு உண்டு. அதற்குப் பெயரும் வேறு, ‘தி கெட்சப் சாங்’. பாடிய சகோதரிகளின் அப்பா கொர்தோபா நகரத்து ஃப்ளமெங்கோ கிட்டார் கலைஞர். அவருடைய பட்டப்பெயர் ‘தக்காளி’. தக்காளியின் பிள்ளைகள் கெட்சப்.

சரி, ‘அசெரெஹே’ என்றால் என்ன அர்த்தம்? எந்த ஸ்பானிய அகராதியிலும் அந்தச் சொல் இல்லை. கோரஸை மொழிபெயர்த்துப் பொருளை வைத்துத் தேடலாம் என்று கிளம்பியிருந்தால் சுவரில்தான் முட்டியிருப்போம். ஏனென்றால் அந்தக் கோரஸே அக்காவைப் போல ஒருவர் தெரியாத மொழியில் கேட்ட பாட்டு. பாடலின் கதையில் டியேகோ என்று ஓர் இளைஞன் நள்ளிரவில் நடன அரங்குக்குள் வருகிறான். அவனுக்குப் பிடித்த பாட்டு ஓடுகிறது. ஆங்கிலம் தெரியாதவன், காதில் விழுந்தபடி கூடவே பாடுகிறான். அந்த மூலப் பாட்டு ‘ராப்பர்ஸ் டிலைட்’. ஷுகர்ஹில் கேங் என்ற அமெரிக்கக் குழு 1979-இல் வெளியிட்டது.

டியேகோவின் காதும் விதிப்படியே தவறியிருக்கிறது. அமெரிக்கர்கள் ‘செட்’ (‘சொன்னேன்’) என்ற சொல்லுக்குப் பின் உயிரொலி வந்தால் கடைசி மெய்யை நாக்கால் லேசாக ஒரு தட்டு தட்டி விட்டுவிடுவார்கள். ஸ்பானியக் காதுக்கு அது சாட்சாத் ரகரம். ‘செ...ரெ’ வந்த வழி அதுதான். அடுத்து வரும் ‘ஹிப்’பில் ஹகரம் அவர்களுடைய செருமலாகிறது. ஆங்கிலத்தின் தளர்ந்த இகரம் எகரமாகிறது. சொல்லின் கடைசியில் ‘ப்’ நிற்பது ஸ்பானியனில் வழக்கமில்லாததால் அது உதிர்ந்துவிடுகிறது. நாமாக இருந்தால் உதிர்க்க மாட்டோம், ‘பஸ்ஸு’ என்பதுபோல ஓர் உகரத்தை ஒட்டி ‘ஹிப்பு’ என்போம். ஆங்கிலம் ஸ்பானியக் காதில் ‘அசெரெஹே’ ஆகி, அது தமிழ்க் காதில் ‘அசரகே’ ஆகியிருக்கிறது.

எல்லாப் பாட்டும் இப்படிக் கிடைத்துவிடாது. தலைப்பு கோரஸில் இல்லாமலே போகலாம். கியூ சாகமோட்டோவின் ஜப்பானியப் பாட்டு 1963-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அதற்கு வைத்த பெயர் ‘சுகியாகி’. அது ஓர் இறைச்சிக் குழம்பின் பெயர். பாட்டில் அந்தச் சொல்லே கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் எழுத்துக்கூட்டல் பாட்டு வரை கொண்டுபோகும், எந்தப் பெயரில் விற்றார்கள் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஒரு வரி மனதில் சுற்றிக்கொண்டிருந்தால், வேறு பாட்டு எதையும் கேட்பதற்கு முன் அதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சந்தேகமான எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள். ‘க-வா, ஹ-வா’ என்று தயங்கினீர்களே, அந்த இடத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.