நேர்கோடு போதாதபோது வளைவுக்கு எத்தனை படி?

குதிரைத்திறன் ஏற ஏறக் காரின் மைலேஜ் இறங்கும் என்பது வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த விஷயம். எந்த அளவில் இறங்குகிறது என்பதை ஒரு சமன்பாட்டில் பிடித்துவைப்பதே லீனியர் ரிக்ரஷன் செய்யும் வேலை. இதைக் கற்பிக்கும் பாடப்புத்தகங்களில் அடிக்கடி தலைகாட்டும் தரவு ஒன்று உண்டு. 1970 முதல் 1982 வரையிலான மாடல் கார்களின் அமெரிக்கப் பட்டியல் அது. அதில் இருப்பவை 398 கார்கள். ஆறு கார்களுக்குக் குதிரைத்திறன் பதிவாகவில்லை என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு 392 கார்களை எடுத்துக்கொள்வது வழக்கம். இவற்றின் குதிரைத்திறன் 46இல் தொடங்கி 230 வரை போகிறது. மைலேஜ் ஒரு கேலனுக்கு 9 மைலில் இருந்து 46.6 மைல் வரை.

ஒவ்வொரு காரையும் வரைபடத் தாளில் ஒரு புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளிக் கூட்டத்தின் நடுவே பொருத்தமான ஒரு நேர்கோட்டை இழுக்க வேண்டும். எது பொருத்தமானது என்பதற்கு, 1805இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெழாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை விடை தருகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளியை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே பொருத்தமான கோடு. 392 கார்களுக்கும் அப்படிக் கிடைக்கும் சமன்பாடு இது:

மைலேஜ் = 39.94 − 0.158 × குதிரைத்திறன்

குதிரைத்திறன் பத்து கூடினால் மைலேஜ் ஏறத்தாழ 1.6 குறையும் என்கிறது இந்தக் கோடு. சராசரியாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் ஓரங்களில் போய்ப் பார்த்தால் கோடு தள்ளாடுவது தெரியும். பட்டியலில் மிக அதிகமான 230 குதிரைத்திறன் கொண்ட 1973ஆம் ஆண்டு போன்டியாக் கார் உண்மையில் கொடுத்தது 16 மைல். கோடு சொல்வதோ வெறும் 3.6 மைல். இன்னும் கொஞ்சம் போய் 253ஐத் தாண்டினால் மைலேஜ் சுழியத்துக்கும் கீழே இறங்கிவிடும். மறுமுனையில், 50 குதிரைத்திறனை ஒட்டிய சிறு கார்களுக்குக் கோடு சுமார் 32 மைல் தருகிறது. பொதுவாக அவை அதைவிட நன்றாகவே ஓடின.

ஒவ்வொரு காருக்கும் உண்மை மைலேஜில் இருந்து கோட்டின் கணிப்பைக் கழித்து மிச்சத்தைத் தனியே வரைந்து பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். இடப்பக்கம் மிச்சம் பெரும்பாலும் கூட்டல் குறியில், நடுவில் கழித்தல் குறியில், வலப்பக்கம் மறுபடி கூட்டலில் என்று ஆங்கில ‘U’ போல வளைந்து நிற்கும். சமன்பாடு சரியாக இருந்தால் மிச்சத்தில் ஒழுங்கு ஏதும் இருக்கக் கூடாது. எந்த வடிவமும் இல்லாமல் சிதறிக் கிடக்க வேண்டும். மிச்சத்தில் ஒரு வடிவம் தெரிகிறது என்றால், தரவில் இருக்கும் ஏதோ ஒன்றைச் சமன்பாடு பிடிக்கத் தவறிவிட்டது என்று பொருள். இந்தக் குறைக்குத்தான் அண்டர்ஃபிட்டிங் என்று பெயர். மாடலுக்கு அந்தத் தரவின் வடிவத்தை எட்டும் அளவுக்கு வளைந்துகொடுக்கும் திறன் இல்லை.

இந்தக் குறையைப் பார்த்ததும் கூடுதல் தரவு சேர்க்கத் தோன்றும். அது வீண் வேலை. 392 கார்களுக்குப் பதில் நான்காயிரம் கார்களைத் திரட்டினாலும் கோடு கோடாகத்தான் இருக்கும். அதன் சரிவும் தொடக்கமும் கொஞ்சம் துல்லியமாகும், அவ்வளவுதான். மாற வேண்டியது சமன்பாட்டின் வடிவம்.

அதை மாற்றும் மிக எளிய வழி, தரவு அட்டவணையில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்ப்பது. குதிரைத்திறன் 100 என்று இருக்கும் வரிசையில், அதற்குப் பக்கத்தில் 100இன் வர்க்கமான 10,000 என்று எழுதிக்கொள்ளலாம். 150க்கு 22,500. இப்படி ஏற்கெனவே உள்ள எண்ணில் இருந்து அதன் வர்க்கம், கனம் முதலான அடுக்குகளைத் தனிப் பத்திகளாக உண்டாக்குவதைத்தான் பல்லுறுப்புக்கோவை அம்சங்கள் என்கிறார்கள். எந்த அடுக்கு வரை போகிறோமோ அதுவே கோவையின் படி. வர்க்கத்தோடு நின்றால் படி 2. அந்தப் பத்தியைச் சேர்த்து மறுபடி அதே மீச்சிறு வர்க்க முறையை ஓட்டினால் வருவது:

மைலேஜ் = 56.90 − 0.466 × கு.தி. + 0.00123 × (கு.தி.)²

கோடு வளைந்துவிட்டது, ஆனாலும் இதை லீனியர் ரிக்ரஷன் என்றே அழைக்கிறார்கள். காரணம் உண்டு. கணக்கில் தேடப்படுபவை மூன்று கெழுக்கள் மட்டுமே: 56.90, −0.466, 0.00123. இந்தக் கெழுக்கள் எங்கும் வர்க்கமாகவோ ஒன்றோடொன்று பெருகியோ வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பத்தியின் எண்ணோடு பெருகிக் கூட்டப்படுகிறது. இரண்டாவது பத்தி முதல் பத்தியின் வர்க்கமா, வண்டியின் எடையா என்பதைப் பற்றிக் கணக்குக்குக் கவலை இல்லை. அதனால் பழைய முறை ஒரு மாற்றமும் இல்லாமல் செல்லும்.

பலன் உடனே தெரிகிறது. 230 குதிரைத்திறன் காருக்கு வளைவு கணிப்பது 14.8 மைல், உண்மையான 16க்குப் பக்கத்தில். 50க்கு 36.7 மைல். கார்களின் மைலேஜில் உள்ள ஏற்ற இறக்கத்தில் நேர்கோடு விளக்கிய பங்கு 61 சதவீதம். வளைவு அதை 69 சதவீதமாக்கியது.

வர்க்கத்துக்கே இவ்வளவு பலன் என்றால் கனம், நான்காம் அடுக்கு, பத்தாம் அடுக்கு என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று ஆசை வரும். பொருத்திய அதே தரவில் பிழையை அளந்தால் அந்த ஆசைக்குத் தடையே இருக்காது. படி கூடும்போது அந்தப் பிழை ஒருபோதும் கூடாது. புதிய பத்தி பயனற்றதாக இருந்தால் அதன் கெழுவைச் சுழியமாக வைத்துக்கொண்டு பழைய சமன்பாட்டிலேயே நின்றுவிடலாம். அதைவிட மோசமாகப் போக வழியே இல்லை. வெவ்வேறு குதிரைத்திறன் உள்ள பத்துக் கார்கள் மட்டும் இருந்தால் ஒன்பதாம் படிக் கோவை பத்துப் புள்ளிகள் வழியாகவும் அச்சுப் பிசகாமல் போகும், பிழை சுழியம். ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அது எங்கே போய் வரும் என்று சொல்ல முடியாது. வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்குகளையே தேர்விலும் கேட்டால் மனப்பாடம் செய்த மாணவர் நூறு வாங்குவார், அது போன்ற மதிப்பெண்தான் இதுவும்.

ஆகவே படியைத் தேர்ந்தெடுக்க, மாடல் பார்க்காத கார்கள் வேண்டும். 392 கார்களைச் சீட்டுக் குலுக்குவது போல் கலைத்து 196 கார்களைப் பயிற்சிக்கும் மீதி 196ஐச் சரிபார்ப்புக்கும் பிரிக்கலாம். கெழுக்களைப் பயிற்சிப் பாதியில் மட்டும் கண்டுபிடித்து, பிழையைச் சரிபார்ப்புப் பாதியில் மட்டும் அளக்க வேண்டும். கலைப்பது சடங்குக்காக அல்ல. இந்தக் கோப்பில் கார்கள் மாடல் ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கலைக்காமல் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிரித்தால் எழுபதுகளின் தொடக்கக் கார்கள் ஒருபுறமும் பிந்தைய கார்கள் மறுபுறமும் போய்விடும். நடுவில் 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டமும் வந்தது. அதே குதிரைத்திறனுக்குப் பிந்தைய கார்கள் அதிக மைலேஜ் தந்தன. அப்போது அளக்கப்படும் பிழை படியால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

ஜேம்ஸ், விட்டன், ஹேஸ்டி, டிப்ஷிரானி நால்வரும் எழுதிய ‘ஆன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்’ என்ற புத்தகத்தில் இந்தச் சோதனை செய்து காட்டப்பட்டிருக்கிறது. ஒரு பிரிப்பில் சரிபார்ப்புப் பாதியின் சராசரி வர்க்கப் பிழை முதல் படிக்கு 23.27, இரண்டாம் படிக்கு 18.72, மூன்றாம் படிக்கு 18.79. மறுபடி கலைத்துப் பிரித்தபோது 25.73, 20.43, 20.39. எண்கள் பிரிப்புக்குப் பிரிப்பு மாறுகின்றன. முதல் தடவை இரண்டாம் படிக்கு வெற்றி, இரண்டாம் தடவை மயிரிழையில் மூன்றாம் படிக்கு. ஆனால் இரண்டிலும் மாறாதது ஒன்று: கோட்டில் இருந்து வர்க்கத்துக்குப் போகும்போது பிழை சட்டென்று ஐந்தளவு விழுகிறது, அதற்குப் பிறகு அசையவே இல்லை.

பிரிப்பின் அதிர்ஷ்டத்தைக் குறைக்க, ஒவ்வொரு காரையும் முறைவைத்து வெளியே நிறுத்தி மற்ற 391 கார்களால் அதைக் கணிக்கும் முறை இருக்கிறது. அதில் ஒன்று முதல் ஐந்து படிகளுக்குக் கிடைத்தவை 24.23, 19.25, 19.33, 19.42, 19.03. கடைசி எண்தான் மிகச் சிறியது, அதனால் ஐந்தாம் படி என்று முடிவு கட்டுவது அவசரம். 19.25க்கும் 19.03க்கும் உள்ள வித்தியாசம், கலைக்கும்போதே வந்துபோகும் ஆட்டத்தைவிடச் சிறியது. அதற்காக மூன்று கெழுக்களைக் கூடுதலாகச் சுமக்கத் தேவையில்லை. பிழைகள் ஏறத்தாழ சமமாக இருந்தால் குறைந்த படியை எடுப்பதே இந்தத் துறையின் நடைமுறை, அது நல்ல நடைமுறையும்கூட.

பைத்தானில் இந்தத் தேடல் சில வரிகளில் முடியும்:

```python
for d in range(1, 6):
    m = make_pipeline(StandardScaler(),
                      PolynomialFeatures(degree=d, include_bias=False),
                      LinearRegression())
    m.fit(X_train, y_train)
    print(d, mean_squared_error(y_val, m.predict(X_val)))
```

இதில் `StandardScaler` முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. 230ஐப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 24 இலக்க எண் வரும். அவ்வளவு பெரிய எண்களும் சிறிய எண்களும் ஒரே கணக்கில் கலந்தால் கணினியின் தசமத் துல்லியம் தேய்ந்து கெழுக்கள் கெட்டுப்போகலாம். முதலில் குதிரைத்திறனைச் சராசரி சுழியமாக, பரவல் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். அந்தச் சராசரியும் பயிற்சிப் பாதியில் இருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும். `fit` அதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

பயிற்சிப் பிழையையும் சரிபார்ப்புப் பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நோயைக் கண்டுபிடிக்கும் வழி. இரண்டும் உயரத்திலேயே ஒன்றை ஒன்று ஒட்டி நின்றால் அண்டர்ஃபிட்டிங் என்று சந்தேகிக்கலாம். பயிற்சிப் பிழை தாழ்ந்து சரிபார்ப்புப் பிழை மட்டும் உயர்ந்தால் படி அளவுக்கு மீறிவிட்டது, அதுவே ஓவர்ஃபிட்டிங். படியை ஏற்றியும் இரண்டும் 19ஐ ஒட்டியே நிற்கிறதே என்றால், குறை வளைவில் இல்லை. ஒரே குதிரைத்திறன் உள்ள இரண்டு கார்கள் எடையாலும் மாடல் ஆண்டாலும் வேறுபடுகின்றன, அதைக் குதிரைத்திறனின் எந்த அடுக்கும் சொல்லாது. அந்தப் பத்திகளைச் சேர்க்கலாம், ஆனால் கணக்காகச் சேர்க்க வேண்டும். கோப்பில் உள்ள ஏழு அம்சங்களுக்கும் வர்க்கங்களையும் பெருக்கங்களையும் உண்டாக்கினால் இரண்டாம் படிக்கே 35 பத்திகள், மூன்றாம் படிக்கு 119. வெறும் 196 பயிற்சிக் கார்களுக்கு அது அதிகம்.

படியைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட சரிபார்ப்புப் பிழையை இறுதி மதிப்பெண்ணாக வெளியிடவும் கூடாது. பல படிகளில் சிறந்ததைப் பொறுக்கியதால் அந்த எண் கொஞ்சம் நல்லபடியாகவே தெரியும். அதற்கென்று தொடாமல் வைத்த மூன்றாவது பங்கு வேண்டும்.

தேர்ந்தெடுத்த வளைவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இரண்டாம் படிச் சமன்பாடு 189 குதிரைத்திறன் அளவில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மேலே ஏறத் தொடங்குகிறது. 200க்கு 12.9 மைல், 230க்கு 14.8 மைல், 300க்கு 28 மைல் என்று போகும். வலுவான எஞ்சின் சிக்கனமானது என்று எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பட்டியலில் 189க்கு மேல் சில கார்கள்தான் இருப்பதால் சரிபார்ப்புப் பிழை இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே இந்தத் தரவுக்கு இரண்டாம் படி போதும், அதையும் 190 குதிரைத்திறனுக்கு உட்பட்ட கார்களுக்கு நம்பிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் கணிக்க வேண்டியிருந்தால் குதிரைத்திறனின் மடக்கையையோ தலைகீழியையோ பத்தியாக வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவை இறங்கிய பின் மறுபடி ஏறுவதில்லை.